எத்தனை மணிக்குக் கால் வரும்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளிகளுக்கு மயக்க மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் அதே மூன்று சங்கதியைத்தான் சொல்லவேண்டும். பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவுகிறவர் மாதிரி ஆகிவிட்டேன். வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு வேறெங்கோ இருக்கும்.

"முழு மயக்கம்னா முழுசாத் தூங்கிருவீங்க, தொண்டையில குழாய் வச்சு மூச்சை நாங்க பாத்துக்கிடுவோம், முடிஞ்சதும் எழுப்பிருவோம். முதுகுல போடுற ஊசின்னா முழிச்சுதான் இருப்பீங்க, இடுப்புக்குக் கீழ மரத்துரும், தொடுறது இழுக்குறது தெரியும், வலி தெரியாது. மூணாவது, அறுக்குற இடத்துல மட்டும் மரக்க வைக்கிறது, பல்லு புடுங்கும்போது போடுவாங்கள்லா, அது மாதிரி." இவ்வளவுதான். கடைசியில் "புரிஞ்சுதா?" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். டாக்டர் முன்னால் தலையாட்டாதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஆட்டிய தலையை நம்பி நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

அப்படித்தான் அவரும் தலையாட்டினார். செங்கோட்டைக்காரர், பாய், ஐம்பத்தைந்து வயது இருக்கும். லாரி டிரைவர். மலை ஏறி இறங்கிக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோன மனுஷன். வலது பக்கம் ஹெர்னியா, பல வருஷம் கவனிக்காமல் விட்டுப் பெரிதாகிக் கீழே வரைக்கும் இறங்கியிருந்தது. அவ்வளவு பெரியதை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்ய முடியாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். பீடி குடித்துக் குடித்து நுரையீரலும் கெட்டுப் போயிருந்ததால் முழு மயக்கம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. ஆக, முதுகில் ஊசி. அவருக்கு வேறு வழி இல்லை, எனக்கும் இல்லை.

"முன்ன ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா, பாய்?"

"இல்ல டாக்டரம்மா. காலுல ஒருக்கா அடிபட்டுது. கட்டுதான் போட்டாங்க."

இடது முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. பழைய காயம் என்று எழுதிக்கொண்டேன். எப்படி அடிபட்டது என்று கேட்கவில்லை. பெஞ்சில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

மறுநாள் காலை தியேட்டரில் அவரை உட்காரவைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, ஊசி போட்டேன். தியேட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதரை என்று எழுதினேன். காலில் சூடு பரவுகிறது என்றார். அப்படித்தான் இருக்கும் என்றேன். படுக்கவைத்தோம். ஒரு கையில் பிரஷர் பட்டை, இன்னொரு கையில் குளுக்கோஸ் ஊசி, இரண்டு கையும் இரண்டு பலகையில். நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணியைத் தூக்கிக் கட்டினோம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வயிற்றில் வைத்து, சில்லென்று இருக்கிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மருந்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

அப்போதுதான் மானிட்டரில் நாடித் துடிப்பு ஏறியது. எண்பது, நூறு, நூற்று முப்பது.

"என் காலு எங்கன இருக்கு?"

"இங்கனதான் இருக்கு பாய். மரத்திருக்கு, அவ்வளவுதான்."

"அசைக்க முடியலையே. துணியை எடுங்க. என்னைய வெளிய எடுங்க."

தோளைத் தூக்கி எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். பிடித்தது இன்னும் மோசமாகிவிட்டது. அவர் கண்ணைப் பார்த்தேன். அது ஊசிக்குப் பயப்படுகிற கண் இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம்தான், இந்தா முடிஞ்சிரும்" என்றேன். அதைக் கேட்டதும் மனுஷன் நடுங்க ஆரம்பித்துவிட்டார்.

சர்ஜன் துணிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். ஆனால் ஐந்து நிமிஷத்தில் நான் என்ன செய்ய முடியும்? ஆபரேஷனை நிறுத்தலாம், மரப்பை நிறுத்த முடியாது. முதுகில் போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அது தானாக இறங்கும்வரை கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்தக் கால் அவருக்கு இல்லை. இதை நான் நேற்றே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மரத்துரும் என்று சொன்னேன். அசைக்க முடியாது என்று சொல்லவில்லை, எவ்வளவு நேரம் என்றும் சொல்லவில்லை. அடைத்துப் பூட்டிய பிறகு சாவி இல்லை என்கிற நிலைமையில் நின்றேன்.

"லேசாத் தூக்கத்துக்கு ஒரு ஊசி போடட்டுமா, பாய்?"

"வேண்டாம். கண்ணை மூடுனா அந்தக் கேபின்தான் வருது."

எந்தக் கேபின் என்று கேட்டேன். நேற்றுக் கேட்க வேண்டிய கேள்வி.

துண்டுதுண்டாகச் சொன்னார். ஆரியங்காவுக்கு மேலே மழையில் வண்டி சறுக்கி மரத்தில் மோதியிருக்கிறது. முன்பக்கம் நசுங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு காலும் மாட்டிக்கொண்டன. முழுசாக நினைவு இருந்தது. முதலில் வலித்தது, பிறகு கால் இருக்கிற இடமே தெரியாமல் போய்விட்டது. வெளியே நின்ற ஆட்கள் ஜன்னல் வழியாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துட்டாங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சாயங்காலம் மாட்டியவரை இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் அறுத்து எடுத்தார்கள்.

"கொஞ்ச நேரம்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டரம்மா. எத்தனை மணிக்குக் கால் வரும்? மணியைச் சொல்லுங்க."

இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நாங்கள் மணி சொல்வதும் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும், சொல்லி மாட்டிக்கொள்வானேன் என்ற சூதானம். ஆனாலும் சொன்னேன். "ஒம்பதரைக்கு ஊசி போட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கால் விரல் அசையணும். முன்னப்பின்ன ஆகலாம். ஆனா வந்துரும்." சுவர்க் கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. என் சட்டைப் பையிலிருந்த கைக்கடிகாரத்தை எடுத்து, நோகாமல் அவர் உள்ளங்கையில் வைத்தேன். துணியையும் ஒரு சாண் இறக்கினோம், அவர் எதிர்ச் சுவரைப் பார்க்கிற மாதிரி. நாடி மெதுவாக நூறுக்கு இறங்கியது. "ஆரம்பிங்க" என்று அவரேதான் சர்ஜனிடம் சொன்னார்.

ஆபரேஷன் பதினொன்றேகாலுக்கு நல்லபடியாக முடிந்தது. நான் அவர் தலைமாட்டை விட்டு நகரவில்லை. வெளியே அவர் சம்சாரத்திடம் நர்ஸைச் சொல்லச் சொன்னேன். ரெக்கவரி அறையில் கடிகாரம் கிடையாது. மானிட்டரில் ஓடுகிற நேரத்தை யாரும் திருத்தி வைத்ததே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வாட்ச்தான். அவர் கையிலேயே இருந்தது. அவ்வப்போது நான் குனிந்து பார்ப்பேன்.

அடுத்த கேஸ், ஐந்தருவிப் பாறையில் வழுக்கிக் கை முறிந்த ஒருவர். எலும்பு டாக்டர் வர ஒரு மணி ஆகும். டீ குடிக்கப் போயிருக்கலாம். போக முடியவில்லை. நான் சொன்ன பன்னிரண்டு அவரைக் கட்டிப்போட்டதைவிட என்னைத்தான் கட்டிப்போட்டிருந்தது.

பன்னிரண்டு ஆயிற்று. விரல் அசையவில்லை.

பஞ்சை வைத்துப் பார்த்தேன். சில்லிப்பு தொப்புள்வரை தெரிந்தது. மருந்து இறங்குகிறது, நல்ல அறிகுறிதான். தெரிந்தும் மனசு வேறொன்றுக்குப் போனது. ஊசி போட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் கால் திரும்பாது. லட்சத்தில் ஒருவருக்கா என்னவோ, நான் கண்ணால் கண்டதில்லை. அந்த அறையில் அது ஒன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்கு அனுப்புவதென்றால் யாருக்குப் போன் போடுவது, ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதாக நினைத்தேன்.

தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். முடிந்ததும் வாட்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டேகால்.

"கால் மணி நேரம்தான் பிந்தியிருக்கு, பாய்" என்றேன். எனக்கே சொல்லிக்கொண்டது அது.

"ஆமா டாக்டரம்மா. வரும். நீங்க உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டியவருக்கு வெளியே நின்றவர்கள் ஏன் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம் என்றார்கள் என்று அப்போது புரிந்தது. அவர்களுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லப் பயம்.

வாட்சில் பன்னிரண்டு நாற்பதுக்கு வலது கால் கட்டைவிரல் லேசாக மடங்கியது. நானே கண்ணை நம்பாமல், இன்னொரு தரம் என்றேன். இன்னொரு தரம் மடங்கியது. பிறகு இடது. பிறகு பாதம். அவர் அழுதார். நான் திரும்பி நர்ஸிடம் பிரஷரை எழுதச் சொன்னேன்.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பாய் தலையணைக்கு அடியிலிருந்து என் வாட்சை எடுத்து நீட்டினார்.

"பேட்டரி மாத்துங்க. பிந்தி ஓடுது."

"எப்படித் தெரியும்?"

"இந்தப் பக்கம் எல்லாப் பள்ளியிலயும் மத்தியானப் பாங்கு பன்னிரண்டரைக்குத்தான். அது கேட்டப்ப உங்க வாட்சுல பன்னிரண்டேகால்."

அப்படியென்றால் நான் கால் மணி நேரம்தான் என்றபோது நிஜத்தில் அரை மணி பிந்தியிருக்கிறது. அசையாத காலோடு, அதைத் தெரிந்துகொண்டே படுத்திருந்திருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா, பாய்?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன்" என்றார். "நீங்க ஏற்கனவே ரொம்பப் பயந்துபோய் இருந்தீங்க."