குசினி அலுமாரியும் கரப்பான் பூச்சியும்

“நான் தமிழ்ப்படுத்தினால் யாழ்ப்பாணத்தாருக்கும் விளங்கும், மதுரையாருக்கும் விளங்கும், மலேசியாக்காரருக்கும் விளங்கும்” என்று ஸ்கார்பரோ மாடிக்கட்டடத்தின் லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார் யாழ்ப்பாணத்துக் குணபாலசிங்கம்.

ஒருநாள் கட்டட மேலாளர், சுவரில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவித்தலைப் படமெடுத்து, தமிழாக்கித் தரும்படி அவருக்கு அனுப்பினார். கரப்பானுக்கு மருந்தடிக்க வருகிறார்கள்; சமையலறை அடுக்குகளைக் காலிசெய்யாத வீட்டுக்கு மருந்து கிடையாது. ஐந்தே நிமிடத்தில் ‘குசினி அலுமாரிகளை வெறுமையாக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார். யாரிடமும் காட்டவில்லை. மேதைகள் காட்டுவதில்லை.

மருந்தடித்து இரண்டாம் நாள், அறுநூற்றேழாம் வீட்டு மதுரைக்காரி பூங்கோதை ஒரு சோற்றுப்பானையுடன் அவர் வாசலில் வந்து நின்றார்.

“குசினின்னா எங்களுக்கு என்னண்ணே தெரியும்? ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சு, துணி அலமாரியக் காலி பண்ணி வச்சேன். வந்தவன் அடுப்படியப் பாத்துட்டு மருந்தடிக்காமப் போயிட்டான். இப்ப கட்டடத்துக் கரப்பான் மொத்தமும் என் வீட்லதான் குடித்தனம். நீங்களே பாருங்க.”

மூடியைத் திறந்தார். வெள்ளைச் சோற்றின் மேல் பழுப்பு மீசைகள் அசைந்தன. குணபாலசிங்கம் அவசரமாக மூடியை வாங்கி மூடினார். தம் வாக்கியத்தை அப்படி மூட முடியவில்லை.

அவ்வீட்டுக்காக இரண்டு வாரத்தில் மறுபடி மருந்து. புதிய அறிவித்தலின் படம் வந்ததும் அவர் அறுநூற்றேழின் கதவைத் தட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, இந்த இங்கிலீசுச் சொல்லுகளுக்கு உங்கட ஊரிலை என்னெண்டு சொல்லுவினம்? பிறகு மலேசியாக்காரற்றை வீட்டையும் கேட்கப் போகவேணும்.”