குழாயை அளந்தேன்

மங்கலத்தில், மனைவி பனியன் ஓரம் தைக்க ஓவர்லாக் மிஷின் போட, வீட்டில் ஓர் அறைக்கு வயரிங் செய்தோம். மறுநாள் மிஷின் வருகிறது. நானே அளந்தேன். அறுபது அடிக்கு ஆறு பைப், எழுபத்திரண்டு ரூபாய். இருபது மீட்டர் வயர், மீட்டர் மூன்று வீதம் அறுபது. சுவிட்ச், பிளக், பெட்டிகள் நாற்பத்தெட்டு. எலக்ட்ரீஷியன் கூலி மூன்று பாயிண்டுக்குத் தொண்ணூறு. ஆகமொத்தம் இருநூற்றெழுபது.

எலக்ட்ரீஷியன் வயர்ச் சுருளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, பைப்பைத்தானே அளந்தீங்க? உள்ளே மூணு வயர் ஓடுமுங்க. போக ஒண்ணு, திரும்ப ஒண்ணு, எர்த்துக்கு ஒண்ணு."

இன்னும் நாற்பது மீட்டர், நூற்றிருபது ரூபாய்!

"எர்த்தை விட்டுடலாமுங்களா?"

"மிஷின் இரும்புங்க. உங்கூட்டுக்காரம்மா கைதானுங்க அதுல இருக்கும்."

வாசலில் நின்ற மனைவி சொன்னாள்: "பனியன் பீஸெல்லாம் ரெண்டுதரம் எண்ணுவீங்க, வயரை எண்ணலீங்களா?"

ஃபேனுக்கு வைத்திருந்த பணத்தில் வயர் வாங்கினேன். மறுநாள் மிஷின் ஓடியது. கூரையில் ஃபேன் கொக்கி மட்டும் தொங்கியது. அந்தக் கோடை முழுக்க அவள் நெற்றி வியர்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.