தம்பியின் திரையில் அறுபதா, நூற்று நாற்பத்து நான்கா

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறோம். எங்களிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், கடலைமிட்டாய்க் கடைக்காரர்கள், நூல் மில் கணக்கர்கள். அவர்களுக்கு மானிட்டர் விற்பது பெரிய பாடு. பெட்டியின் மேல் எந்த எண் பெரியதாக இருக்கிறதோ அதுதான் வேண்டும் என்று நிற்பார்கள்.

ஒரு தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி, நூற்று நாற்பத்து நான்கு என்று போட்டிருந்ததைக் காட்டி, "இது போட்டா பில்லு வேகமா அடிக்கலாம்லா?" என்றார்.

"அண்ணாச்சி, உங்க பில்லு உக்காந்துதான இருக்கு, அது எங்க ஓடப்போகுது?" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த நம்பரு என்னன்னா, ஒரு செகண்டுக்கு எத்தனை தடவ படம் புதுசாகுதுங்கறது. ஓடுத சாமானப் பாக்கத்தான் அது வேணும். உங்களுக்கு எழுத்து தெளிவா இருந்தாப் போதும், திரை கண்ணு மட்டத்துல இருந்தாப் போதும், அறுபதே தாராளம்."

சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அப்படி நம்பி வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையை விட்டு எந்த மெஷின் வெளியே போனாலும், மானிட்டர் எதுவாக இருந்தாலும், அறுபதில் வைத்துவிடுவார். காரணம் இருக்கிறது. இந்த ஆபீஸ்களில் இருப்பதெல்லாம் ஓட்டை உடைசல் கேபிள். அதிகம் வைத்து அனுப்பினால் என்றைக்காவது திரை கருத்துப் போகும். உடனே போன் வரும். கழுகுமலை வரை வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வர வேண்டும். பெட்ரோல் யார் கொடுப்பது? அறுபது என்றால் எந்தக் கேபிளும் தாங்கும். கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வைப்பார்.

என் தம்பியின் மெஷினையும் அப்படித்தான் வைத்து அனுப்பினார்.

தம்பி எனக்கு ரொம்ப இளையவன். அம்மா போன பிறகு அவனைச் சட்டை மாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் விட்டவள் நான். பி.காம் முடித்தான். ஆனால் அவன் மனசு முழுவதும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் இருந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். எனக்கு அது வெறும் டப்டப் சத்தம். அவனுக்கு அதுதான் உலகம். சம்பளம் கொடுத்து விளையாட வைக்கும் சென்னை அணி ஒன்று ஆள் எடுத்தது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் விளையாடிக் காட்ட வேண்டும். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பில் போடுகிறவர். அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. தெரிந்த மில் ஆபீஸில் தம்பிக்கு ஒரு கணக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்.

"எடுத்தான்னா போகட்டும். எடுக்கலன்னா மில்லுக்குப் போகணும். எத்தனை நாளைக்கு இப்படிச் சுட்டுட்டு இருப்பான்?" என்றார் அப்பா.

அந்தத் தேர்வில் அவன் தோற்றான். சுவரோரத்திலிருந்து எதிராளி எட்டிப்பார்க்கும்போது யார் முதலில் சுடுகிறார்கள் என்பதுதான் அதில் முக்கியமாம். ஒவ்வொரு தடவையும் இவன் ஒரு நூல் பிந்தினான். "நல்லா யோசிக்கிற, ஆனா உனக்கு ரியாக்‌ஷன் லேட்" என்று அணித் தலைவர் சொல்லிவிட்டார். நல்ல மானிட்டர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல நெட் லைன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தம்பி சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டது என்பதைப்போல விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, அவனைத் தேற்றலாம் என்று அப்பா வீட்டுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் தம்பி மெஷினின் மவுசை அசைத்தார். மறுபடி அசைத்தார். முகம் மாறிவிட்டது.

"மாப்ள, அம்புக்குறி தத்தித் தத்திப் போவுதே. இது எத்தனைல ஓடுது?"

"நூத்து நாப்பத்து நாலுலதான், அத்தான். விளையாடும்போது மூலைல நூத்தி அம்பதுன்னுல்லா காட்டுது."

"அது கம்ப்யூட்டரு எத்தனை படம் செய்யுதுன்னு காட்டுத கணக்குலே. திரை அத்தனையும் காட்டுதான்னு அதுக்குத் தெரியாது."

செட்டிங்கைத் திறந்து பார்த்தார். அறுபது.

கம்ப்யூட்டர் நூற்றைம்பது படம் சமைத்துக் கொடுத்திருக்கிறது, திரை விநாடிக்கு அறுபது தடவைதான் மாறியிருக்கிறது. எதிராளி தலையை நீட்டியது அவன் கண்ணுக்குப் பிந்திப் பிந்தித்தான் வந்திருக்கிறது. கடையிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான். அத்தான் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இவனும் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டான்.

"அப்போ நான் இல்லக்கா! நான் லேட் இல்ல! இந்தச் சவந்தான் லேட்!"

அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாகூட இளகிவிட்டார். "சரி, அடுத்த தடவையும் பாத்துட்டு வா. அதோட சரி" என்றார். மில்காரரிடம் பேசி, அந்த அணி அடுத்து ஆள் எடுக்கும் வரை வேலையைத் தள்ளி வைத்தார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே எல்லாவற்றையும் சரிசெய்தார். நல்ல கேபிள் போட்டு நூற்று நாற்பத்து நான்குக்கு மாற்றினார். பிறகு மானிட்டரின் பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கி இன்னொன்றையும் பார்த்தார். ரெஸ்பான்ஸ் டைம் என்பார்கள். திரையில் ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். அது மெதுவாக இருந்தால் ஓடுகிற ஆளுக்குப் பின்னால் நிழல் இழுக்கும். பெட்டியில் ஒரு மில்லி செகண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அந்த ஒன்றைப் பிடிக்கிறேன் என்று முழு வேகத்துக்கு முடுக்கினால், புள்ளி எல்லை தாண்டிப் போய்த் திரும்பும். ஓடுகிற ஆளைச் சுற்றி வெள்ளையாக ஒரு பேய் நிழல் விழும். தம்பி அதை முழு வேகத்தில்தான் வைத்திருந்தான். நடுவில் வைத்ததும் ஆள் ஓரம் சுத்தமாகத் தெரிந்தான்.

"அத்தான், கண்ணு தொறந்த மாதிரி இருக்கு!"

அதற்கப்புறம் அவன் பழகிய பழக்கம் இருக்கிறதே, கொஞ்ச நஞ்சமில்லை. காலையில் ஓட்டம், வந்ததும் பயிற்சி. தான் தோற்ற ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து எழுதி வைப்பான். எதிரே வந்து எவன் விழுந்தாலும், "பாத்தியாக்கா, இப்ப நான்தான் முந்துதேன்" என்பான். நானும் பார்த்தேன். முந்தத்தான் செய்தான். தெருவில் என்னைக் கேட்டவர்களிடமெல்லாம், "அவன் சென்னைக்குப் போகப் போறான்" என்று சொல்லி வைத்தேன். எதற்குச் சொன்னேனோ! வாய் நிற்கவில்லை.

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாங்கள் கடையில் இருந்தோம். என்னால் ஒரு கீபோர்டுக்கு விலை சொல்ல முடியவில்லை. போன் வந்தது.

"அக்கா, எடுக்கலக்கா."

அவனே பேசினான், அவசர அவசரமாக.

"அக்கா, நீயும் அத்தானும் கொஞ்சம் வாங்களேன். ரெண்டு நாளைக்கு முன்னால அப்டேட் ஒண்ணு விழுந்துச்சு. அது மறுபடி அறுபதுக்கு மாத்திருக்கும். அதே மாதிரிதாங்க்கா இருந்துச்சு, ஒரு நூலு, ஒரே ஒரு நூலு. நான் தொறந்து பாக்கல. நீங்க வந்து பாருங்க."

அப்டேட் விழுந்தால் அப்படி மாறுவது உண்டுதான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியில் ஏறினோம். வழியெல்லாம், ஆண்டவரே, அறுபதாக இருக்கட்டும், அறுபதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே போனேன். அறுபதாக இருந்தால் என் தம்பிக்கு இன்னொரு தடவை உண்டு. எப்படியாவது அப்பா காலில் விழுந்தாவது வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

தம்பி கதவருகே நின்றான். திரைப்பக்கம் திரும்பவே இல்லை. "நீ பாருக்கா" என்றான். அப்பா ஆபீஸிலிருந்து இன்னும் வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து செட்டிங்கைத் திறந்தேன்.

நூற்று நாற்பத்து நான்கு.

கண் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி பார்த்தேன். என் வீட்டுக்காரர் குனிந்து கேபிளைப் பார்த்தார். படம் ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் சோதனைப் பக்கத்தைப் போட்டார். எண்ணெய் விட்டதைப்போல ஓடியது. பின்னால் நிழல் இல்லை, வெள்ளைப் பேயும் இல்லை. பொத்தானை அமுக்கிப் பார்த்தார், நடுவில்தான் இருந்தது. எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தது. எதையும் குறை சொல்ல வழியில்லை. என்ன கொடுமை பாருங்கள், ஒரு மானிட்டர் சரியாக வேலை செய்கிறதே என்று எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

பொய் சொல்லலாம். அறுபதுதான் என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். இன்னும் ஒரு வருஷம் ஓடுவான், பழகுவான், இதே வாசலில் நின்று இதையே கேட்பான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எத்தனைக்கா?"

"சரியாத்தாம்லே இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்லே, கண்ணு. நூத்து நாப்பத்து நாலு."

என் வீட்டுக்காரருக்கு அது தாங்கவில்லை. "மாப்ள, இப்ப இருநூத்து நாப்பது வந்துருக்கு. கடைக்கு எறக்கித் தாரேன்" என்றார்.

"அதையும் வாங்கிப் போட்டுட்டு, பெறகு யாரக் கொறை சொல்லுததுக்கு, அத்தான்?"

அவன் உள்ளே வந்தான். நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

"அக்கா, கணக்கு வேலைக்கு எத்தனை போதும்?"

"ஏலே, இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லேன். மில்லு வேலைய வீட்டுக்கும் கொண்டு வரணும்னு அப்பா சொன்னாவ. இனிமே இதுல கணக்குதான்."

கடையில் தினமும் பத்துப் பேரிடம் சொல்லுகிற வார்த்தைதான் அது. "அறுபது" என்றேன்.

அவன் மவுசைப் பிடித்து அந்த எண்ணை அறுபதுக்கு மாற்றினான். திரை ஒரு கணம் கருத்து, திரும்ப வந்தது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, பழையபடி திருப்பவா என்று நடுவில் ஒரு கட்டம் கேட்டது. ஒன்றும் செய்யாமல் விட்டால் கொஞ்ச விநாடியில் அதுவே பழையபடி திரும்பிவிடும். விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. அவன் விரல் மவுசின் மேல் இருந்தது, அமுக்கவில்லை. விட்டுருலே, கையை எடுத்துருலே என்று மனசுக்குள் கத்தினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வைத்துக்கொள் என்பதை அவன் அமுக்கினான்.