முத்திரையில் மாறாத வருடம்

கூட்டுறவுச் சங்கத்தில் எனக்குப் பெயருக்குத்தான் கணினி வேலை. உண்மையில் அடுத்தவர் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. பழைய பேரேடுகள் மழையில் நனைந்து பாழாகிவிட்டதால், எருமப்பட்டிப் பக்கத்து உறுப்பினர்கள் கொண்டுவந்து தரும் கைப்பட எழுதிய பாஸ்புக்குகளைப் பார்த்து, தேதி, வரவு, பற்று, இருப்பு என்று வரிவரியாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஓர் அம்மாவின் கணக்கில் கணினி முரண்டுபிடித்தது. கணக்கு தொடங்கியது ஜூனில். டிசம்பர் வரிக்குக் கீழே ஐம்பதாயிரம் வரவு. பக்கத்தில் குத்தியிருந்த முத்திரையிலோ அதே வருடத்து ஜனவரி. கணக்கே இல்லாத நாளில் கட்டிய பணத்தை அது ஏற்குமா?

செயலாளர் எட்டிப் பார்த்தார். "அந்த வரிய உட்டுருங்க. விசாரிச்சுட்டு அப்பறம் சேத்துக்கலாம்."

எங்கள் சங்கத்தில் எந்த விசாரணை முடிந்து நான் பார்த்திருக்கிறேன்? எரிச்சலாக வந்தது. எதிரே நின்ற அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"பாப்பாவுக்கு நர்சிங் காலேஜ்ல திங்கக்கெழமைக்குள்ள பீசு கட்டோணுங்க, சாமி. இந்தக் காசு வரலீன்னா அவ்வளவுதானுங்க."

இருப்புப் பத்தியில் விரலை வைத்து இறங்கினேன். டிசம்பர் வரியில் நாலாயிரத்து இருநூறு. தகராறு வரியில் ஐம்பத்து நாலாயிரத்து இருநூறு. அடுத்து பிப்ரவரியில் ஆயிரம் எடுத்தது போக ஐம்பத்து மூவாயிரத்து இருநூறு. அந்த முத்திரையில் புது வருடம். இருப்பு எங்கும் அறுபடவில்லை, தேதிதான் தப்பு. தேதி முத்திரையில் நாள், மாதம், வருடம் மூன்றும் தனித்தனி ரப்பர் பட்டைகள். முதல் இரண்டையும் திருப்பிய புண்ணியவான் மூன்றாவதை மறந்திருக்கிறார்.

மேசையில் கிடந்த மற்ற பாஸ்புக்குகளைப் புரட்டினேன். இன்னொருவர் புத்தகத்திலும் டிசம்பருக்கு அடுத்த வரியில் அதே ஜனவரி நாள், அதே பழைய வருடம். செயலாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"செரி, வருசத்தத் திருத்தியே ஏத்துங்க. முத்திரைல இருக்கற தேதியக் குறிப்புல போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, அத்தன பணம் ஒரே நாள்ல ஏதுங்க?"

"ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டி வேலைக்குப் போன எடத்துல, அதுக்கு முந்துன கார்த்திகைல தவறிட்டாருங்க. வண்டி ஓனரு குடுத்த காசுங்க."

நான் வருடத்தை மாற்றி அடித்தேன். இருப்பு ஒத்துப்போனது. பீஸ் கட்டப் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாஸ்புக்கை நீட்டினேன். வாங்கியவர் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல போட்டிருக்கற தேதிக்கு அவரு ஊட்டுலதானுங்க இருந்தாரு" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அந்தத் தேதியைக் குறிப்பில் அடித்துச் சேமித்தேன்.