ஏலத்துக்கு நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்

பாவூர்சத்திரம் சந்தையில் என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. நான் கத்தரிக்காய் ஏலம் விட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கும் விலை தெரிந்துவிடும் என்று கேலி செய்வார்கள். கேலிதான், ஆனாலும் எனக்கு உள்ளூரப் பெருமை. எழுபதை நெருங்கும் வயதிலும் எங்கள் கமிஷன் கடையில் ஏலம் விடுவது நான்தான். லாரி, பில், கேரள வியாபாரிகளோடு போன் பேச்சு எல்லாம் மகன் பார்த்துக்கொள்கிறான்.

போன வருஷம் சாரல் தொடங்கிய சமயத்தில் எனக்குத் தொண்டை காயத் தொடங்கியது. தென்காசி முழுக்க நனைந்துகொண்டிருக்கிறது, என் வாய்க்குள் மட்டும் வறட்சி. இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டால்தான் உள்ளே இறங்கும். பேசப் பேச நாக்கு கட்டையாகிவிடும். சந்தைத் தூசிதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வைத்தியமும் நானே. பகல் முழுக்கக் கன்னத்தில் ஒரு பனங்கற்கண்டு. அது கரைந்துவிட்டால், புளியங்குடி வியாபாரி கொடுத்தனுப்பும் எலுமிச்சையை வெட்டி, உப்பு தொட்டு உறிஞ்சுவேன். அந்த நிமிஷத்துக்கு எச்சில் ஊறும், அப்புறம் பழைய கதைதான்.

ஒருநாள் வெண்டைக்காய்க் குவியல் ஏலத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிவிட்டேன். மூன்றாவதைச் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. அந்த இடைவெளியில் இன்னொருத்தர் விலையை ஏற்றிவிட்டார். முதலில் கேட்டவர் முடிந்துவிட்டது என்கிறார், இவர் முடியவில்லை என்கிறார். சட்டையைப் பிடிக்காத குறை. கடைசியில் அந்தக் குவியலை முதலிலிருந்து ஏலம் விட வேண்டியதாயிற்று. என் கடையில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா, இந்த ஓணத்துக்கு நான் ஏலம் விடுதேன். நீங்க கல்லாவுல உக்காருங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு எரிச்சல். கல்லாவில் உட்காருங்கள் என்பது எங்கள் தொழிலில் போட்டோவுக்கு மாலை போடுவதற்கு முந்தைய படி. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரள வியாபாரிகள் மொத்தமும் சந்தைக்கு வந்துவிடுவார்கள். அப்போது எவன் குரல் கேட்கிறதோ அவன்தான் அவர்களுக்குக் கடை. ஒரு ஓணத்துக்கு இறங்கினால் நான் திரும்ப ஏற முடியாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாப்போம்லே," என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரிடம் போனதுகூடத் தொண்டைக்காக இல்லை. கீழ்ப்பல் ஒன்று ஈறோரத்தில் ஒடிந்துவிட்டது. வீட்டுக்காரி தென்காசியில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பெண். வாய்க்குள் சிறு கண்ணாடியை விட்டுக் கன்னத்தை ஒதுக்கினாள். கண்ணாடியை எடுக்கும்போது அது கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"அய்யா, வாயில எச்சியே இல்லையே. பல்லெல்லாம் வேரோரமா அரிச்சிருக்கு. இனிப்பு ஏதும் வாயில அடக்குவீங்களா?"

நான் மழுப்பப் பார்த்தேன். வீட்டுக்காரி விடுவாளா? கற்கண்டு, எலுமிச்சை, உப்பு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். எச்சில்தான் பல்லுக்குக் காவல், அது இல்லாத வாயில் இனிப்பும் புளிப்பும் நின்றால் பல் தாங்காது என்றாள் டாக்டர். "என்னென்ன மாத்திரை சாப்பிடுதீங்க? எல்லாத்தையும் ஒரு பையில போட்டு உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா எதையும் நிறுத்திராதீங்க."

எனக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பையை மேஜைமேல் கவிழ்த்தார். ரத்த அழுத்த மாத்திரையை ஒதுக்கி வைத்தார். அக்கி வந்து போன இடத்தில் எரிச்சல் நிற்காததற்கு ராத்திரி மாத்திரை ஒன்று. அடிக்கடி மூத்திரம் முட்டுவதற்கு ஒன்று. ஏலத்துக்கு நடுவில் ஓட முடியாதே என்று நான்தான் கேட்டு வாங்கியது. மூன்றாவதாக, மஞ்சளாகக் குட்டி மாத்திரை ஓர் அட்டை.

"இதை நான் எழுதலையே?"

"அது அருவி மாத்திரை," என்றாள் வீட்டுக்காரி. "சீசன் வந்தா விடியக்காலம் ஐந்தருவிக்குப் போறாவல்லா. தும்மக் கூடாதுன்னு முன்னாடியே ஒண்ணு முழுங்கிட்டுத்தான் சோப்பையே எடுப்பாவ. கூட்டாளிய எல்லாரும் அப்படித்தான்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சுரக்கச் சொல்லி எச்சில் சுரப்பிக்கு நரம்பு வழியா தகவல் போகுது அண்ணாச்சி. இந்த மூணும் அதை மறிக்கிற மாத்திரை. ஒண்ணுன்னா உடம்பு எப்படியோ சமாளிச்சிரும். இந்த வயசுல மூணும் சேர்ந்தா முடியாது. மூத்திரம் முட்டும்னு தண்ணியையும் கொறைச்சிருப்பீங்களே?"

குறைத்திருந்தேன். சர்க்கரையும் பார்த்தார், அதில் கோளாறு இல்லை. அருவி மாத்திரை தேவையே இல்லை என்று நிறுத்தச் சொன்னார். மூத்திரத்துக்கு, வாயை அவ்வளவாகக் காய வைக்காத வேறு ரகம் எழுதினார். ராத்திரி மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அக்கி எரிச்சலுக்கு அது வேண்டும், முழுக்க நிறுத்த முடியாது என்றும், அதனால் கொஞ்சம் வறட்சி இருந்துகொண்டேதான் இருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அதன்பிறகு வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. கற்கண்டு டப்பா ஒளிந்துகொண்டது. பல் டாக்டர் சொன்ன சர்க்கரை இல்லாத சூயிங்கம் வந்தது. இந்த வயதில் சூயிங்கம் மென்றால் சந்தையில் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள்தான். "அண்ணாச்சி கிரிக்கெட் ஆடப் போறாவளா?" என்றான் ஒரு டெம்போக்காரன். மென்றால் எச்சில் ஊறுகிறது, அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சோற்றுக்கு ரசமும் மோரும் தாராளமாக வந்தன. காபி குறைந்தது. பல்லுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட். தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தவன், பக்கத்திலேயே பாட்டிலை வைத்து, அடிக்கடி ஒரு மடக்காகக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரேயடியாகக் குடித்தால் வயிறுதான் நிறையும், வாயில் ஈரம் நிற்காது. மாத்திரை இல்லாமல் ஐந்தருவியில் குளித்தேன். தும்மல் வந்தது. தும்மினேன். அவ்வளவுதான்.

ஆடி முடிவதற்குள் இட்லி ஒழுங்காக இறங்கியது. ஓணத்துக்கு ஏலம் நான்தான் விடுவேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். "தொண்டை மக்கர் பண்ணுச்சுன்னா?" என்றான். "பின்னாலேயே நில்லு. மக்கர் பண்ணா எடுத்துக்கோ," என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், உள்ளுக்குள் பயமும் இருந்தது.

ஓணத்துக்கு முந்தைய ஏலத்தன்று சந்தையில் நிற்க இடமில்லை. வெண்டை, பூசணி, தடியங்காய் என்று குவியல் குவியலாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு குவியல் முடிந்ததும் ஒரு மடக்குக் குடித்தேன், குரல் கணீரென்று வந்தது. சேனைக்கிழங்குக்கு வந்தபோது போட்டி முற்றிவிட்டது. நிறுத்தாமல் கூவியதில் குடிக்க மறந்துவிட்டேன். ரெண்டாவது தரம் சொல்லும்போதே குரல் கம்மியது. அதற்குமேல் பேச வரவில்லை. கையை உயர்த்திவிட்டுப் பாட்டிலைத் திறந்தேன். கூட்டம் மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மகன் ஓரடி முன்னால் வந்து மூச்சை இழுத்தான்.

கொல்லத்துக்காரர் ஒருத்தர், வருஷக்கணக்காக என்னிடம் சரக்கு எடுக்கிறவர், அவனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"மோனே, நில்லு. அச்சன் வெள்ளம் குடிக்கட்டே."

நான் தண்ணீர் குடிக்கட்டும் என்று யாரும் விலையை ஏற்றவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. மகன் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன்.