பத்தரை மணிக்கு வருபவளின் முறை

மகப்பேறு நலச் சட்டம், பிரிவு பதினொன்று: பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு நேரம் போக, குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும். அந்தச் சட்டம் இப்போது ஒரு புதிய தொகுப்புக்குள் போய்விட்டது, பிரிவின் எண்ணும் மாறிவிட்டது. பணிக்காலம் முழுவதும் தொழிலாளர் துறையில் கோப்பு நகர்த்தியவளான எனக்குப் பழைய எண்தான் வாயில் வருகிறது. எண் எதுவானால் என்ன, இடைவேளை நேரத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்பதை அது சொல்வதில்லை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று இன்னொரு பிரிவு உண்டு. திண்டிவனத்தில் ஐம்பது பேர் வேலை செய்யும் பியூட்டி பார்லரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் இரண்டு காலை நான் அந்த ஊரிலேயே ஒரு பார்லருக்குப் போய்வந்தேன். தலைமைக் கடை விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். இரண்டையும் நடத்தியவர் விழுப்புரத்துப் பெண்மணி, கெட்டிக்காரர். வருகைப் பதிவேடு, விடுப்புக் கணக்கு, வருடாந்திர அறிக்கை எல்லாவற்றையும் பார்த்துத் தர ஒருவர் வேண்டும் என்றார். எனக்கோ காலையில் குளித்து, புடவை கட்டி, பூட்டிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது. கணவர் இறந்து நாளாகிவிட்டது. மகன் தூர தேசத்தில் இருந்து ஞாயிறுதோறும் திரையில் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்பான். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அங்கே எனக்கு முடி வெட்டிவிடும் ஸ்டைலிஸ்ட் ஒருத்தி இருந்தாள். முப்பதைத் தொடாத வயது. முதலாளி சென்னைக்கு அனுப்பி ஹேர் கலர் பழக்கிய ஒரே ஆள். கல்யாணப் பெண்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் போன் செய்வார்கள். மாதம் ஒருமுறை என் தலையை இரு கைகளாலும் பிடித்து லேசாகச் சாய்த்து, "அசையாதீங்க மேடம்" என்பாள். அந்த மாதம் முழுவதும் என்னை வேறு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. கிழவிகள் இப்படியெல்லாம் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்து நோயாளிகள் பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள்.

அவளைக் கோலியனூரில் கட்டிக்கொடுத்தார்கள். விழுப்புரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ் என்று வந்துகொண்டிருந்தாள். பிறகு மகள் பிறந்தாள். அவள் சம்பளம் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு உச்சவரம்பைத் தாண்டியிருந்ததால், இருபத்தாறு வார விடுப்புச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டியிருந்தது. முணுமுணுக்காமல் தந்தார். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

சித்திரையில் அவள் வேலைக்குத் திரும்பினாள். சட்டப்படி இடைவேளை இரண்டு கொடுத்தார்கள். குழந்தை கோலியனூரில் மாமியார் மடியில். இவள் ஸ்டோர் ரூமில், ஷாம்பு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வருவாள். விதி அப்பழுக்கில்லாமல் பின்பற்றப்பட்டது.

ஒரு நாள் அவள் என் மேசைக்கு வந்து, நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். காலை ஒன்பதரைக்கு வந்து இரவு எட்டுக்குப் போவதை, பத்தரைக்கு வந்து நாலரைக்குப் போவதாக மாற்ற வேண்டும். அதற்கேற்பச் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. இதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஒரு உட்பிரிவு உண்டு. ஒருத்தி கோலியனூரில் இருந்தபடி திண்டிவனத்துத் தலைக்குச் சாயம் பூசும் காலம் வரும்போது அது பயன்படும். ஆகவே இது முதலாளியின் விருப்பம். போனில் கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். அவ்வளவு சுலபமாக ஒரு அனுமதி கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதை அரசு நாற்காலியை விட்டு எழுந்த பிறகு மறந்திருந்தேன்.

அந்தப் பார்லரில் ஒரு வழக்கம் இருந்தது. போன் செய்துவிட்டு வந்தாலும் நேரே வந்தாலும் வாடிக்கையாளர்கள் முறைப்படிதான் ஸ்டைலிஸ்டுகளுக்குப் போவார்கள். காலையில் முதலில் கையெழுத்துப் போட்டவளுக்கு முதல் ஆள், அடுத்தவளுக்கு அடுத்த ஆள். பெரிய வேலை கையில் இருப்பவளின் முறை வந்தால், அது அவளுக்காகக் காத்திருக்கும். த்ரெட்டிங் போன்ற சில்லறை வேலை மட்டும் வரிசையின் கடைசியில் இருப்பவளுக்கு. சண்டை வராமல் இருக்க அவர்களே பல வருடமாகக் கட்டிக் காத்த ஏற்பாடு. நியாயமானதுதான், எல்லோரும் ஒரே நேரத்துக்கு வரும்வரை.

பத்தரைக்கு வருபவள் தினமும் கடைசி. மதியம்வரை புருவம் திருத்துவாள். அவளுக்கு ஒரு ஹேர் கலர் வரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். முழுத்தலைக்குக் கலர் செய்ய மூன்று மணி நேரம் வேண்டும். எடுத்தால் நாலரைக்குக் கிளம்ப முடியாது, எடுக்காவிட்டால் கமிஷன் இல்லை. பெயர் சொல்லிப் போன் செய்கிறவர்களையாவது முன்னால் விடலாமே என்று ஒரு நாள் அவள் கேட்டாள். அங்கிருந்தவர்களில் மூத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய், சீப்பைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"எங்களுக்கும்தான் புள்ள பொறந்துச்சு. மூணாவது மாசமே வந்து நின்னுக்கினு வேலை பார்த்தேன். அப்போ எவளும் எனக்கு டர்ன் விட்டுக் கொடுக்கல. நீ லேட்டா வருவ, சீக்கிரம் போவ, நடுவுல நல்ல கஸ்டமரும் உனக்கே வேணுமா?"

"நான் சும்மா கேக்கலக்கா. சம்பளத்தைக் கொறைச்சிக்கினுதான வர்றேன்."

"கொறைச்சது அவங்க குடுக்கற சம்பளத்தை. என் டர்னை ஏன் கொறைக்கிற?"

அந்த மூத்தவள் கெட்டவள் இல்லை. அவளுடைய காலத்தில் இந்தச் சட்டம் அவள் கடைக்குள் வரவேயில்லை, அவ்வளவுதான்.

வைகாசி கடைசியில் எனக்கு முடி வெட்டும்போது கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நின்னுடலாம்னு இருக்கேன் மேடம். அத்தை கேக்கறாங்க, புருவம் புடுங்கறதுக்கா ரெண்டு பஸ் ஏறிப் போறேன்னு. அவங்க கேக்கறதுல என்ன தப்பு?"

"ராஜினாமா எழுதாதே. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடு. ராஜினாமா கொடுத்தால் பணித்தொடர்ச்சி அறுந்துபோகும்."

"நீங்க எல்லாத்துக்கும் ஒரு காயிதம் வெச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். ஆனாலும் எழுதிக் கொடுத்தாள்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் எளிதாகவே இருந்தது. காலையிலும் மாலையிலும்தான் பார்லரில் கூட்டம். பதினொன்றிலிருந்து நாலு வரை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவசரமில்லாமல் வருகிற பெண்கள். கலருக்கு உட்காருபவர்கள் அவர்கள்தான். ஆகவே அந்த நேரத்துக் கலர் வேலையை முன்பதிவாக்கி, முறையிலிருந்து வெளியே எடுத்து அவளுக்குக் கொடுக்கலாம். அதற்குப் பதிலாக, நேரே வருகிற யாரையும் அவள் எடுக்கக் கூடாது. அவர்கள் மொத்தமும் மற்றவர்களுக்கு. யார் முறையும் குறையாது. இதை மூத்தவளிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்படின்னா சரி" என்றாள்.

ஆனால் இரண்டு பஸ் பயணம் அப்படியே இருந்தது. கோலியனூரிலிருந்து விழுப்புரம் ஒரே பஸ், கொஞ்ச தூரம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவிடலாம். மத்தியானம் ஒரு நடை போய்ப் பால் கொடுத்துவிட்டுக்கூட வரலாம். முறைப்படி முன்மொழிவு எழுதுகிறவர் மிகப் பொருத்தமான ஏற்பாட்டைத்தான் எழுத வேண்டும். அங்கேயும் அதே முறை வழக்கம்தான், ஆகவே இதே ஏற்பாட்டோடு அவளை விழுப்புரம் கடைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டு விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதலாளிக்குக் கடிதம் போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். பதில் இல்லை. ஆனி மாதம் ரயிலேறி விழுப்புரம் போனேன். அவர் காபி வரவழைத்து, மகன் எப்படியிருக்கிறான் என்று விசாரித்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லல மேடம். ஆறு மாசம் குடுத்தேன், நேரத்தையும் கொறைச்சேன். இப்போ தனி புக்கிங், தனி ஊர். நாளைக்கு எல்லா பொண்ணுங்களும் வந்து நின்னா நான் எங்க போறது?"

"வரட்டுமே. ஒவ்வொருத்திக்கும் ஒரு நேரம் போட்டுக் கொடுக்கலாம். வேலை பழக்கி அனுப்பிய ஒருத்தியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, புதிதாக ஒருத்தியைச் சென்னைக்கு அனுப்பப் போகிறீர்களா?"

"பாக்கலாம். ஆடி போவட்டும்."

ஆடியில் கல்யாணம் இல்லை, பார்லரில் வேலையும் இல்லை. பெண்கள் மதியம் தரையில் உட்கார்ந்து கொய்யா தின்றார்கள். மூலையில் அவள் நாற்காலி மட்டும் துண்டு போர்த்திக் கிடந்தது. வாரம் இரண்டு காலை போய்ப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே விடுப்பு என்று எழுதிவிட்டு வந்தேன். வேறு ஒருத்தி எனக்கு முடி வெட்ட முன்வந்தாள். இருக்கட்டும் என்றேன். முடி கழுத்தைத் தாண்டி வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் திரையில் பார்த்துவிட்டு, வித்தியாசமாக இருக்கிறாய் அம்மா என்றான். லைட் அப்படி என்றேன்.

அவளுக்கு ஒருமுறை போன் செய்தேன். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவில், "ஒண்ணும் தெரியலையே மேடம், நீங்க பேஜாரு ஆவாதீங்க" என்று என்னைத் தேற்றினாள். பின்னால் மாமியாரின் குரல், யார் என்று கேட்டது. "எங்க ஆபீஸ் மேடம்" என்றாள். நான் எந்த ஆபீஸிலும் இல்லை என்பதைத் திருத்த மனம் வரவில்லை.

ஆடி முடியும் வாரத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆவணி முகூர்த்தங்களுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவள் பெயரைக் கேட்டார்கள். இல்லை என்றதும், அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். முதலாளியின் மனம் மாறியதற்கு என் முன்மொழிவு காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்திலும் அப்படித்தான், கோப்பு நகர்வதற்குக் காரணம் கோப்புக்குள் இருப்பதில்லை.

பதில் ஒரே பக்கம். பத்தரையிலிருந்து நாலரை, ஹேர் கலர் முன்பதிவு அவளுக்கு, நேரே வருபவர்கள் மற்றவர்களுக்கு, குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை இதே ஏற்பாடு, பிறகு பேசிக்கொள்ளலாம், பணியிடம் விழுப்புரம். கேட்டதில் ஒரு வரியைக்கூட அவர் அடிக்கவில்லை. அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "நெசமாவா மேடம்? அப்போ உங்களுக்கு யாரு வெட்டுவாங்க?" என்றாள். அது முன்மொழிவில் இல்லை என்றேன். சிரித்தாள். திங்கட்கிழமை சேர்ந்துவிடு, சேர்ந்ததும் எழுத்துமூலம் தெரிவி என்று சொல்லி வைத்தேன்.

கடிதத்தின் மேல் ஓரத்தில், வழக்கப்படி, பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஆவணி இரண்டு, செவ்வாய்க்கிழமை.