மருந்துக்குத் தொட்ட தேன்

நெடுங்கேணிப் பக்கத்தில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற மருத்துவமாது நான். சனம் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடும். என் வாய் பொல்லாதது, அதை ஒளிப்பானேன்? கிளினிக்குக்கு வராத தாயை றோட்டில் கண்டாலும் ஸ்கூட்டியை நிறுத்தி ஏசிவிட்டுத்தான் போவேன். என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைக்குக் கள்ளமாகக் கொடுக்கிற சீனித்தண்ணிப் போத்தலைக் குசினிக்குள் ஒளிக்கிற வீடுகள் இருந்ததும் எனக்குத் தெரியும். பயம் இருக்கிறதுதானே, நல்லது என்று நினைத்துக்கொள்வேன். மடைச்சி.

காட்டோரத்தில் ஒரு வீடு. புருஷன் வயல் செய்கிறவன், காலம் வந்தால் காட்டுக்குள் போய்த் தேனும் எடுப்பான். தலைப்பிள்ளை ஆண், இரண்டரை மாதம். ஒருநாள் தாய் எனக்குப் போன் எடுத்தாள்.

"மிஸ்ஸி, பிள்ளை நாலு நாளா வெளிக்குப் போகேல்லை."

"தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையள் சிலநேரம் அப்பிடித்தான். பால் மட்டும்தானே குடுக்கிறீர்?"

"ஓம் மிஸ்ஸி. பால் மட்டும்தான்."

"வேற ஏதும் குடுத்தீரெண்டு அறிஞ்சனோ, தெரியும்தானே என்னை!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை திரும்பவும் போன். பிள்ளை பால் இழுக்கிறானில்லை என்றாள். உடனே போய்ப் பார்த்தேன். இரண்டு இமையும் பாதிக்கு இறங்கியிருந்தன. குடித்த கொஞ்சப் பாலும் கடைவாயால் வழிந்தது. முகத்தில் சிரிப்புமில்லை, சிணுங்கலுமில்லை. அழுதான், அந்த அழுகை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கையைப் பிடித்து மெல்லத் தூக்கினேன், தலை அப்படியே பின்னால் விழுந்தது. தடுப்பூசி போட்ட அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியவன் இவன். காய்ச்சல் சுத்தமாக இல்லை.

"என்ன குடுத்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

"பால்தான் மிஸ்ஸி" என்றாள் தாய். புருஷன் நிலத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் கண்டேன், ஆனால் நின்று யோசிக்கவில்லை. அம்புலன்சுக்குப் போன் அடிக்கத்தான் நேரம் இருந்தது.

வவுனியாவுக்குப் போகிற வழி முழுக்கப் பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்குவது குறைந்துகொண்டே போனது. அம்புலன்சில் வந்தவர் ஒட்சிசனைப் பிடித்திருந்தார். தாய் சீலைத் தலைப்பைக் கடித்தபடி இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான டொக்டர் பிள்ளையின் கண்ணுக்கு ரோச் லைட் அடித்துப் பார்த்தார். கண்மணி சோம்பிச் சோம்பித்தான் சுருங்கியது. "இரத்தத்திலை கிருமி பரவினாலும் சின்னப் பிள்ளை இப்பிடித் துவண்டு போகும். அதுக்கான மருந்தைத் தாமதியாமத் துவங்குவம்" என்று தாதியிடம் இரண்டு ஊசிமருந்துகளின் பெயரைச் சொன்னார். பிறகு தாயிடம் கேட்டார்: "பாலைத் தவிர வேற ஏதும் வாயிலை வைச்சனீங்களோ அம்மா?"

அவள் டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இல்லை" என்றாள்.

ஐயோ, அந்த ஒரு பார்வை! பிள்ளை சாகப்போகிற நேரத்திலும் அவளுக்கு என் வாய்தான் பயமாக இருந்தது. நான் நின்றால் அவள் சொல்லமாட்டாள். மறைப்புத் துணிக்கு அங்காலே போய் நின்றுகொண்டேன்.

உள்ளே டொக்டர் திரும்பவும் மெதுவாகக் கேட்டார். துணிக்கு இங்காலே அவளின் குரல் கேட்டது.

"வசம்பு உரைச்சு... தேனிலை குழைச்சு நாக்கிலை தடவினனான். அது சாப்பாடில்லையே, மருந்துதானே எண்டு. வெளிக்குப் போகாததுக்குப் பிறகு, இளக்கட்டும் எண்டு கூடக் குடுத்தனான்."

"ரெண்டாவது ஊசியைப் போடாதேங்கோ!" டொக்டரின் குரல் உயர்ந்தது. தாதியின் கையில் ஊசிக்குள் மருந்து இழுத்தபடி இருந்ததாம். அந்த வகை மருந்து, நரம்பு தசைக்குச் சொல்கிற செய்தியை இன்னும் மட்டுப்படுத்தும். இருக்கிற கொஞ்ச மூச்சும் நின்றிருக்கலாம் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்.

பிள்ளையை மூச்சு மெசினில் போட்ட பிறகு எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். பொட்டுலிசம் என்று ஒரு வருத்தம். அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் கிடக்கும், சில தேனிலும் கிடக்கும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கிற கிருமிகள் அதை முளைக்க விடாது. ஒரு வயதுக்குள் அந்தக் காவல் இல்லை. வித்து முளைத்துக் குடலுக்குள்ளேயே நஞ்சைக் கக்கும். தசையை மடக்கச் சொல்லி நரம்பு நுனி ஒரு இரசாயனத்தை விடவேண்டும். நஞ்சு அதை விடவிடாமல் நுனியைப் பூட்டிவிடும். முதலில் மலம் இறுகும், பிறகு இமை, முகம், விழுங்கல், கழுத்து, கடைசியில் மூச்சு.

"காச்சின தேன்தான் டொக்டர்" என்றான் புருஷன், அழுதபடி.

"வீட்டு அடுப்பிலை அந்த வித்துச் சாகாது தம்பி. பெரியாக்களுக்கு வாறது வேற மாதிரி. காத்துப் புகாம அடைச்ச சாப்பாடு பழுதாகி, அதுக்குள்ளயே நஞ்சு ஊறியிருக்கும். அந்த நஞ்சு நல்லாக் கொதிக்க வைச்சா அழியும், வித்து அழியாது."

இந்த வயசுக்கான எதிர்மருந்து கைவசம் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வந்தாலும், ஏற்கெனவே பூட்டின நுனியை அது திறக்காதாம். நரம்பு புது நுனி விடும்வரை மெசின்தான் மூச்சுவிடவேண்டும். "ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ. பிள்ளை முழிப்பாத்தான் இருக்கிறான். கேக்கும், நோகும். முகத்திலை காட்டத்தான் ஏலாது. கதைச்சுக்கொண்டே இருங்கோ."

அவள் கதைத்தாள். நான் வேலை முடித்துப் பஸ்ஸேறிப் போகிற நாளெல்லாம் அவள் அந்தச் சின்னக் காதுக்குள் குனிந்தபடிதான் இருப்பாள். வீட்டு நாய் குட்டி போட்டது, குளத்தில் தண்ணி வற்றியது, அப்பா போட்ட சேட்டை மாற்றாமல் திரிவது எல்லாம் சொல்வாள். பிள்ளையின் முகம் அசையாது. எனக்குப் பக்கத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது. தேன் வைத்தது அவள் கை. ஆனால் அவளின் வாயை அடைத்தது யார்? கேட்கவேண்டிய மாதிரி நான் கேட்கவில்லை. வெருட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் கிழமை விரல்கள் அசைந்தன. பிறகு ஒருநாள் மத்தியானம் நான் போனபோது மெசினைக் கழற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் அழுதான். கரகரத்த குரல்தான், ஆனால் வாட்டு முழுக்கக் கேட்டது. அவள் பால் கொடுக்க அவனை மாரோடு அணைத்தாள். ஒரு தரம் நழுவவிட்டான், பிறகு பிடித்துக்கொண்டான்.

"இழுக்கிறான் மிஸ்ஸி!"

எனக்குக் கண்ணால் தண்ணி ஓடியது. அவளின் தலையைத் தடவினேன். பிள்ளையைப் பார்த்தபடியே, பயந்து பயந்து அவள் கேட்டாள்:

"இனி நான் ஏதும் பிழை விட்டா, உங்களிட்டச் சொல்லலாமோ மிஸ்ஸி? ஏசமாட்டீங்களோ?"